இண்ட்ரோவை ஏன் தட்டித் தள்ளுகிறார்கள்? சேனல் அடையாளத்தில் பழுது பார்க்கும் முறை

கடலூர் முதுநகரில் என் அண்ணி ஒரு சமையல் சேனல் நடத்துகிறார். காலையில் துறைமுகத்தில் இறங்கும் மீனை வாங்கி வந்து மண்சட்டியில் குழம்பு வைப்பதுதான் நிகழ்ச்சி. எடிட்டிங் என் பொறுப்பு. பகலில் கல்யாண வீடியோக்கள், ராத்திரியில் அண்ணியின் குழம்பு. ஐம்பது வீடியோ தாண்டிய பிறகு ஒருநாள் அவர் கேட்டார்: "தம்பி, எதிர் வீட்டு அக்கா நம்ம வீடியோவைக் காட்டி, இது யாரு சேனல்னு என்கிட்டயே கேக்குறாங்க. லோகோ இருக்கு, இண்ட்ரோ இருக்கு, அப்புறம் ஏன் தெரியல?"

அன்று இரவு செல்போனில் சேனல் பக்கத்தைத் திறந்து, பன்னிரண்டு தம்ப்நெயில்கள் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டும் பன்னிரண்டு வீட்டுப் பிள்ளைகள் போல இருந்தன. எழுத்து நான்கு விதம். மஞ்சள் மூன்று விதம். லோகோ மூலையில் வெறும் பழுப்புப் புள்ளி. பிறகு ஒவ்வொன்றாகச் சரி செய்தோம். உங்கள் சேனலில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடிப் பிடிக்கலாம். ஆனால் முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். லோகோ, நிறம், எழுத்து மூன்றும் ஒன்றாகத் திரையில் வரும் இடம் இண்ட்ரோதான். மற்ற பழுதுகளும் அங்கேதான் முதலில் வெளியே தெரிந்தன.

அறிகுறி 1: இண்ட்ரோ வந்ததும் தாண்டிப் போகிறார்கள்

எங்கள் பழைய இண்ட்ரோ 14 விநாடி. கருப்புத் திரை, மெல்ல எழும் இசை, சுழன்று வரும் லோகோ, கடைசியில் சேனல் பெயர். செய்தபோது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் பார்ப்பவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று ஐம்பது வீடியோ வரை நான் பார்க்கவே இல்லை.

அதைப் பார்க்கும் இடம் யூடியூப் ஸ்டூடியோவில் இருக்கிறது. ஒரு வீடியோவைத் திறந்து "Analytics" போனால் "Key moments for audience retention" என்ற வரைபடம் வரும். வீடியோவின் ஒவ்வொரு கணத்தையும் எத்தனை சதவீதம் பேர் பார்த்தார்கள் என்பதுதான் அந்தக் கோடு. முதல் 30 விநாடிக்குப் பிறகு எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடும். எல்லோரும் அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எண்ணை விட கோட்டின் வடிவத்தில்தான் விஷயம் இருக்கிறது.

இண்ட்ரோ ஓடும் விநாடிகளில் கோடு கீழே இறங்கி, இண்ட்ரோ முடிந்ததும் மறுபடி மேலே ஏறினால் அது பள்ளம். ஆட்கள் போகவில்லை, இண்ட்ரோவை மட்டும் தாண்டிவிட்டு உள்ளே வந்திருக்கிறார்கள் என்று பொருள். கோடு இறங்கி, இறங்கிய மட்டத்திலேயே படுத்துவிட்டால் அது படிக்கட்டு. ஆட்கள் கிளம்பியே போய்விட்டார்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பள்ளம் என்றால் இண்ட்ரோவில் கை வைக்க வேண்டும். படிக்கட்டு என்றால் இண்ட்ரோவும் காரணமாக இருக்கலாம், ஆனால் தலைப்பு சொன்னதும் வீடியோவின் தொடக்கமும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். "வஞ்சிரம் குழம்பு" என்று தலைப்பு வைத்துவிட்டு முதல் ஒரு நிமிஷம் படகைக் காட்டினால், இண்ட்ரோவே இல்லாவிட்டாலும் ஆட்கள் போகத்தான் செய்வார்கள்.

எங்களுடையது தெளிவான பள்ளம். ஆனால் கோடு மேலே ஏறிய இடம் 14ஆவது விநாடி அல்ல, 22 பக்கம். இது ஏன் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. செல்போனில் திரையின் வலப்பக்கம் இரண்டு முறை தட்டினால் வீடியோ 10 விநாடி முன்னே தாவும். இண்ட்ரோ தொடங்கி 2 விநாடியில் ஒருவர் தட்டினால் 12க்குப் போகிறார். அங்கேயும் லோகோ சுழன்றுகொண்டிருக்கிறது. மறுபடி தட்டுகிறார், 22. இடையில் 14 முதல் 22 வரை அண்ணி இன்றைக்கு என்ன மீன், எவ்வளவுக்கு வாங்கினோம் என்று சொல்கிறார். அது முழுக்கப் போச்சு. "அக்கா, இது என்ன மீன்?" என்று பின்னூட்டத்தில் கேட்டவர்களை, வீடியோவைச் சரியாகப் பார்க்காதவர்கள் என்று நினைத்திருந்தோம். அவர்கள் மேல் தப்பில்லை. எங்கள் இண்ட்ரோதான் அந்தப் பதிலையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

சரி, வைத்தியம். இண்ட்ரோவை முதலில் வைக்காதீர்கள். முதல் 6 முதல் 10 விநாடிக்குள், வந்தவருக்கு அவர் தேடி வந்தது இங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். நாங்கள் இப்போது கொதிக்கும் சட்டியின் அருகாமைக் காட்சியில் தொடங்குகிறோம். அதன் மேலேயே அண்ணியின் குரல்: "இன்னிக்கு சங்கரா கிடைச்சிது. மாங்காய் போட்டு வைக்கப் போறோம்." அதற்குப் பிறகுதான் இண்ட்ரோ, அதுவும் 3 விநாடி. விநாடிக்கு 30 பிரேமில் படம் பிடித்தால் 90 பிரேம். அந்த 90இல் பெயர் அசையாமல் நிற்கும் நேரம் 45 பிரேமாவது இருக்கட்டும். அசைந்துகொண்டே இருக்கும் பெயரை யாராலும் படிக்க முடியாது. மிச்சமுள்ள ஒன்றரை விநாடிக்குள் வருவதும் போவதும் முடிந்துவிட வேண்டும்.

அந்த 3 விநாடியில் என்ன அசைய வேண்டும் என்பதற்கு நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். வீடியோவுக்குள் ஏற்கெனவே நடக்கும் ஓர் அசைவையே எடுத்துக்கொள்வது. எங்கள் வீடியோ எதுவாக இருந்தாலும் அண்ணி சட்டியின் மூடியைத் திறப்பார். அதனால் கொதிக்கும் காட்சியின் மேல் படத்தில் வரைந்த மூடி ஒன்று வந்து மூடுகிறது, பெயர் நிற்கிறது, மூடி விலகும்போது அடுத்த காட்சி தெரிகிறது. கருப்புத் திரை எங்கும் கிடையாது. கருப்புக்குப் போய் வரும் இண்ட்ரோ, வீடியோவை நிறுத்திவிட்டு விளம்பரம் போட்டது போல் தெரிகிறது. விரல் தானாகவே தட்டப் போகிறது. இன்னொன்று, செல்போனில் முகப்புப் பக்கத்தை உருட்டும்போது வீடியோ சத்தமில்லாமல் தானாக ஓடத் தொடங்கும். அந்தச் சில விநாடிகளில் கருப்புத் திரையும் சுழலும் லோகோவும் தெரிந்தால் யார் நின்று பார்ப்பார்கள்?

சத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய இசை அண்ணியின் பேச்சை விட மிகவும் உரக்க இருந்தது. இசை வந்ததும் ஆட்கள் சத்தத்தைக் குறைப்பார்கள், அடுத்து அண்ணி பேசுவது கேட்காது. யூடியூப் மிக உரத்த வீடியோக்களின் சத்தத்தைத் தானே குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வீடியோ முழுவதையும் ஒரே அளவில்தான் குறைக்கும். பார்ப்பவரிடம் "Stable volume" இயங்கினால் தவிர, இசைக்கும் பேச்சுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும். அதனால் எடிட்டிங் மேசையிலேயே சரி செய்ய வேண்டும். பேச்சின் உச்சம் மீட்டரில் -6 பக்கம் தொடுகிறது என்றால் இண்ட்ரோவின் உச்சம் -9ஐத் தாண்டாமல் வைக்கிறேன்.

இசையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். இலவசம் என்று எங்கோ இறக்கிய இசைக்குப் பின்னால் யாராவது உரிமை கோரினால் ஒரு வீடியோ மட்டும் மாட்டாது. இண்ட்ரோ இருக்கும் எல்லா வீடியோவும் மாட்டும். யூடியூப் ஸ்டூடியோவின் இசை நூலகத்தில் எடுக்கலாம். அதிலும் சில பாடல்களுக்கு விவரணையில் பெயர் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, பார்த்து எடுங்கள். நாங்கள் இசையையே விட்டுவிட்டோம். அகப்பையால் மண்சட்டியின் விளிம்பைத் தட்டும் சத்தத்தைச் சமையலறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு செல்போனிலேயே பதிவு செய்தோம். இரண்டு தட்டு, ஒரு கொதிக்கும் ஓசை. நமக்கே சொந்தம், யாரும் கேட்க முடியாது. அடுப்படியில் வேலையாக இருப்பவர்கள் திரையைப் பார்க்காமலே இது எந்தச் சேனல் என்று கண்டுபிடிக்கவும் அது உதவுகிறது.

மாற்றியதும் ஒரே வீடியோவை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஒரே வகை வீடியோக்கள் நான்கைந்து போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் விட்டு, கோட்டின் வடிவத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பள்ளம் மறைந்திருக்க வேண்டும். 3 விநாடி இண்ட்ரோவிலும் பள்ளம் தெரிகிறது என்றால் பெரும்பாலும் இண்ட்ரோ வந்த இடம் தவறு. பேச்சின் நடுவில் வாக்கியத்தை வெட்டி நுழைத்திருப்பீர்கள். வாக்கியம் முடியும் இடத்துக்குத் தள்ளுங்கள்.

மூன்று நிமிஷத்துக்குக் குறைவான வீடியோவுக்கும் ஷார்ட்ஸுக்கும் இண்ட்ரோவே வேண்டாம் என்பது என் கருத்து. ஷார்ட்ஸில் எழுத்தும் நிறமும் சேனலுடையதாக இருந்தால் போதும்.

அறிகுறி 2: லோகோ இருக்கிறது, ஆனால் என்னவென்று தெரியவில்லை

14 விநாடி இருந்தபோது லோகோ என்ன என்பதைப் புரிந்துகொள்ள நேரம் இருந்தது. 3 விநாடியாகக் குறைத்ததும் அண்ணியே, "என்னமோ வந்துட்டுப் போகுது தம்பி" என்றார். அந்த லோகோவில் ஒரு மீன், ஒரு சட்டி, அடியில் நெருப்பு, பின்னால் கலங்கரை விளக்கம், ஒரு படகு, சுற்றிலும் வட்டமாகச் சேனலின் முழுப் பெயர் எல்லாம் இருந்தன. கடைப் பலகையில் போட்டால் அழகுதான். ஆனால் செல்போனில் பின்னூட்டத்துக்குப் பக்கத்தில் வரும்போது லோகோ ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும்.

சோதனை எளிது. லோகோவை 40க்கு 40 பிக்ஸலாகச் சுருக்கி, சேனலைப் பார்க்காத ஒருவரிடம் செல்போனை ஒரு கை தூரத்தில் வைத்துக் காட்டி, இது என்ன என்று கேளுங்கள். ஒரே சொல்லில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். நாங்கள் படகு, விளக்கு, நெருப்பு என்று வரிசையாக எடுத்தோம். கடைசியில் மிஞ்சியது ஒரு மண்சட்டியும் அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மீன்வாலும். பக்கத்து வீட்டுப் பையன் அதைப் பார்த்து "மீன்குழம்பு" என்றான். அதோடு நிறுத்திவிட்டோம்.

பெயரை லோகோவுக்குள் வைக்க வேண்டாம். யூடியூபில் லோகோ வரும் பெரும்பாலான இடங்களில் பக்கத்திலேயே சேனல் பெயர் எழுத்தில் வந்துவிடும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிதாகும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி. "மீன்" என்பது "மீன" ஆகிவிடும். கோடுகளுக்கும் இதே கதிதான். லோகோவை யூடியூபுக்கு 800க்கு 800 பிக்ஸலில் ஏற்றுகிறோம். அது 40க்குச் சுருங்கும்போது இருபதில் ஒரு பங்காகிறது. 800இல் 40 பிக்ஸல் தடிமன் உள்ள கோடுதான் அங்கே 2 பிக்ஸலாக நிற்கும். அதை விட மெல்லியது கரைந்துவிடும். எங்கள் வாலில் இருந்த செதில் கோடுகளை அதனால்தான் எடுத்தேன்.

சதுரமாக ஏற்றினாலும் வட்டமாகத்தான் தெரியும், நான்கு மூலையும் வெட்டுப்படும். சட்டியின் கைப்பிடி மூலையில் இருந்தால் போய்விடும். அதே போல் தம்ப்நெயிலில் வலது கீழ் மூலையில் லோகோவை வைக்காதீர்கள், அங்கே வீடியோவின் நேரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் ஐம்பது வீடியோவுக்கும் அங்கேதான் வைத்திருந்தோம். இப்போது இடது மேல் மூலை, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு.

பேனரில் எழுத்து வெட்டுப்படுகிறது என்றால்: 2048க்கு 1152 அளவில் செய்து, முக்கியமானதை நடுவில் 1235க்கு 338 என்ற பட்டைக்குள் மட்டும் வையுங்கள். செல்போனில் தெரிவது அந்த நடுப்பட்டைதான். முழுப் படமும் டிவியில்தான் வரும்.

அறிகுறி 3: தமிழ் எழுத்து உடைகிறது, அல்லது வீடியோவுக்கு வீடியோ மாறுகிறது

இதில் மூன்று விதமான கோளாறுகள் உண்டு. திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

`jkpo;` என்பது போல ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது. அந்த எழுத்துருவில் அது "தமிழ்" என்று தெரியும், வேறு எதில் திறந்தாலும் இப்படித்தான். அச்சகத்திலோ பிளக்ஸ் கடையிலோ வாங்கிய கோப்புகளில் இது அதிகம் வரும். எங்கள் பழைய பேனர் அப்படி வந்ததுதான். இதன் தலைகீழும் நடக்கும். செல்போனில் யூனிகோடில் அடித்ததை ஒட்டிவிட்டு பாமினியைத் தேர்ந்தெடுப்போம். அந்த எழுத்துருவில் யூனிகோடுத் தமிழ் இல்லாததால், செயலி சத்தமில்லாமல் வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுவிடும். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம் என்று நினைப்போம், திரையில் வருவது இன்னொன்று. எங்கள் நான்கு வித எழுத்தில் இரண்டு இப்படி வந்தவை. தீர்வு ஒன்றுதான்: எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள், யூனிகோடு எழுத்துருக்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து தமிழாகத்தான் வருகிறது, ஆனால் "தேங்காய்" என்பதில் இரட்டைக் கொம்பு "த"வுக்குப் பின்னால் போய் நிற்கிறது என்றால், எழுத்துரு நல்லது, எடிட்டிங் மென்பொருளின் அமைப்புதான் தவறு. யூனிகோடில் "தே" என்பது முதலில் த, பிறகு ே என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அதற்குத் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துப் பொறி இயங்க வேண்டும். பிரீமியரில் "Preferences" உள்ளே "Graphics" பகுதியில் "South Asian and Middle Eastern" என்று இருக்கும். போட்டோஷாப்பில் "Preferences", அதில் "Type", புதிய பதிப்புகளில் "World-Ready Layout" என்று பெயர். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எழுத்தைப் புதிதாக அடித்துப் பாருங்கள்.

நிற்கும்போது சரியாக இருந்து, அசையும்போது மட்டும் உடைந்து, நடுவில் புள்ளி வட்டம் ஒன்று தெரிந்தால், எழுத்தெழுத்தாக வரும் அனிமேஷனைப் போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்துக்காகச் செய்த அனிமேஷன் அது. "மீ" என்பதை "ம" தனி, சுழி தனி என்று பிரித்துவிடும். சொல் முழுவதும் ஒன்றாக வரும்படி மாற்றுங்கள். எங்கள் மூடி இண்ட்ரோவில் பெயர் அப்படியே மொத்தமாகத்தான் வருகிறது.

எந்த எழுத்துரு என்று கேட்டால், இரண்டுக்கு மேல் வேண்டாம். தலைப்புக்கு Baloo Thambi 2, அதன் மிகத் தடித்த 800 எடை. திரையின் கீழே வரும் குறிப்புகளுக்கு Mukta Malar, 500 எடை. இரண்டும் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, வருமானம் வரும் வீடியோவிலும் தயங்காமல் போடலாம். இரண்டிலும் ஆங்கில எழுத்தும் சேர்ந்தே இருக்கிறது. நடுவில் "2 tbsp" என்று வந்தாலும் துண்டாகத் தெரியாது. Baloo Thambi உருண்டையாக, சட்டி வயிறு போல இருக்கும். அதனால்தான் எடுத்தேன். தங்க நகைக்கடைக்கோ சட்ட ஆலோசனைச் சேனலுக்கோ அது பொருந்தாது.

வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு விடும் அளவு விட்டால் தமிழ் முட்டிக்கொள்ளும். மேல் வரியின் "ழு"வும் "கூ"வும் கீழே இறங்கும், கீழ் வரியின் "மீ"யும் "தி"யும் மேலே ஏறும். எழுத்தளவு 100 என்றால் வரிக்கு 140 வரை விடுகிறேன்.

அறிகுறி 4: அதே மஞ்சள்தான், ஆனால் ஒவ்வொரு வீடியோவிலும் வேறாகத் தெரிகிறது

முதல் காரணம், நிறத்தைக் கண்ணால் எடுப்பது. முந்தைய வீடியோவின் காட்சியிலிருந்து சொட்டுக்கருவியால் மஞ்சளை எடுத்தால், சுருக்கத்தில் சற்று மாறிய மஞ்சள்தான் கிடைக்கும். அடுத்த முறை அதிலிருந்து எடுத்தால் இன்னும் கொஞ்சம் மாறும். பத்து வீடியோவில் எலுமிச்சை மஞ்சள் மாம்பழ மஞ்சளாகிவிட்டது. நிறத்தின் எண்ணை எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் அந்த எண்ணையே அடியுங்கள். எங்களுடையது:

```
நீலம்    #16355B
மஞ்சள்   #F2B01E
வெள்ளை   #FFFFFF
```

நீலம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். புதுச்சேரிக்கு ஒரு கல்யாண வேலையாகப் போயிருந்தேன். அங்கே தெருப்பெயர்ப் பலகைகள் நீலத்தில், வெள்ளை எழுத்தில், தமிழிலும் பிரெஞ்சிலும் இருக்கும். எந்த வீதிக்குத் திரும்பினாலும் பெயர்தான் மாறும், நீலமும் எழுத்தும் அப்படியே. யாராவது அந்தப் பலகையை மட்டும் படம் எடுத்துப் போட்டால்கூட இது புதுச்சேரி என்று சொல்லிவிடலாம். எங்கள் வீடியோவில் குழம்பு எப்போதும் சிவப்பு. நாங்கள் அதுவரை தலைப்பையும் சிவப்பில்தான் போட்டிருந்தோம், குழம்புக்குள் எழுத்து மூழ்கிவிட்டிருந்தது. சட்டிக்குள் என்றைக்கும் வராத நிறம் நீலம். அதனால் எந்த மீன் போட்டாலும் நீலப் பட்டை தனியாக நிற்கும்.

எந்த எழுத்து எதன் மேல் என்பதையும் கணக்குப் பார்த்தோம். வெளிச்ச வேறுபாட்டை அளக்கும் விகிதம் ஒன்று உண்டு. வலைப்பக்க எழுத்துக்குப் பொதுவான தரம் குறைந்தது 4.5. இணையத்தில் நிற எண்களைக் கொடுத்தால் கணக்கிட்டுத் தரும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. எங்கள் நீலத்தின் மேல் வெள்ளைக்கு 12க்கு மேல் வந்தது, மஞ்சளுக்கு 6.5. ஆனால் மஞ்சள் மேல் வெள்ளை எழுத்துக்கு 2கூட வரவில்லை. பழைய தம்ப்நெயில்களில் பாதி அப்படித்தான் இருந்தன. கணக்கு வேண்டாம் என்றால், தம்ப்நெயிலைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்து மறைந்தால் நிறம் சரியில்லை.

நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து ஓரம் கலங்கித் தெரிகிறது என்றால், அது உங்கள் கண் கோளாறு அல்ல. வழக்கமான வீடியோ வடிவத்தில் வெளிச்சம் முழு நுணுக்கத்தில் சேமிக்கப்படும், நிறம் மட்டும் அகலத்திலும் உயரத்திலும் பாதி நுணுக்கத்தில்தான். சிவப்புக்கும் நீலத்துக்கும் வெளிச்ச வேறுபாடு குறைவு, நிற வேறுபாடு மட்டும்தான் அதிகம். அதனால் எழுத்தின் ஓரம் கரைகிறது. எடிட்டிங் திரையில் கூர்மையாக இருந்து, ஏற்றிய பிறகு கலங்குவது இதனால்தான். எழுத்தைப் பெரிதாக்கினால் குறையும், நிறத்தை மாற்றினால் தீரும்.

இன்னொரு காரணம், லோகோ வந்த வழி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும். வெறுமையாக இருக்க வேண்டிய பின்புலம் வெள்ளைப் பெட்டியாகி நிற்கும், நிறமும் நகரும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், பிஎன்ஜி வடிவில். அச்சகத்துக்குச் செய்த கோப்பை அப்படியே வீடியோவில் போட்டாலும் மஞ்சள் மங்கும், அது மை கலக்கும் கணக்கில் செய்யப்பட்ட நிறம். திரைக்கென்று தனிக் கோப்பு கேட்டு வாங்குங்கள்.

பட்டையின் வெள்ளை மட்டும் சாம்பலாகத் தெரிந்து, குழம்பு கண்ணைப் பறிக்கிறது என்றால் செல்போன் எச்டிஆரில் படம் பிடித்திருக்கிறது. ஐபோனில் கேமரா அமைப்புகளில் வீடியோ பதிவுப் பகுதிக்குள் "HDR Video" இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டால் எடிட்டிங்கில் சாதாரண நிற வெளிக்கு மாற்றிவிட்டுத்தான் பட்டையை வைக்க வேண்டும்.

அறிகுறி 5: புதியவை ஒன்றாகிவிட்டன, பழையவை கிடக்கின்றன

ஐம்பதையும் திருத்த வேண்டாம். எவை இன்னும் பார்க்கப்படுகின்றனவோ அவற்றை மட்டும் எடுங்கள். கடந்த 28 நாளில் அதிகம் பார்க்கப்பட்ட பத்து வீடியோவை ஸ்டூடியோவில் பார்த்து, தம்ப்நெயிலை மட்டும் புது நீலப் பட்டையில் மாற்றினேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றவில்லை. நன்றாக ஓடும் ஒன்றின் தம்ப்நெயிலை மாற்றி, கிளிக் விகிதம் இறங்குகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

பழைய 14 விநாடி இண்ட்ரோவை வெட்டவும் முடியும், வீடியோவை நீக்கி மறுபடி ஏற்றத் தேவையில்லை. ஸ்டூடியோவில் அந்த வீடியோவைத் திறந்து "Editor" போய் "Trim & cut" எடுத்து முதல் 14 விநாடியை வெட்டிச் சேமித்தால், அதே முகவரி, அதே பார்வை எண்ணிக்கை, அதே பின்னூட்டங்கள் இருக்கும். ஒரு லட்சம் பார்வை தாண்டிய வீடியோவில், பார்ட்னர் திட்டத்தில் இல்லாத சேனல்களுக்கு இந்தத் திருத்தத்தைச் சேமிக்க முடியாமல் போகலாம். எங்களுக்கு அந்தத் தொல்லை வரவில்லை. சேமித்த பிறகு புதிய வடிவம் தயாராகச் சில மணி நேரம் ஆகலாம், அதுவரை பழையதுதான் ஓடும்.

வெட்டியதும் விவரணையில் நீங்கள் எழுதியிருக்கும் நேரக் குறிகள் எல்லாம் 14 விநாடி தள்ளிப் போயிருக்கும். யூடியூப் அதை மாற்றாது, அது வெறும் எழுத்துதான். ஒவ்வொன்றிலும் 14ஐக் கழித்து நீங்களே திருத்துங்கள். முதல் குறி 0:00 ஆகவே இருக்கட்டும், இல்லையென்றால் அத்தியாயப் பிரிவு வேலை செய்யாது. எங்கள் நெத்திலி வறுவல் வீடியோவில் "மசாலா 1:20" என்று இருந்தது இப்போது 1:06.